காவிரி கிடைக்கிறது, முக்கொம்பு கிடைக்கவில்லை

2018 ஆகஸ்ட் 22 அன்று திருச்சிக்கு மேற்கே உள்ள முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்து ஆற்றோடு போயின. அடுத்த சில நாட்களுக்கு இணையத்தில் அதைப் பற்றிய செய்திகளும் பேட்டிகளும் விவாதங்களும் நிறைய வந்தன. காவிரிப் பாசனத்தைப் பற்றி எழுத நினைக்கும் ஒருவர் அவற்றையெல்லாம் அப்போதே சேமித்து வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். சிலவற்றை ஸ்கிரீன்ஷாட்டாக, சிலவற்றை பி.டி.எஃப். கோப்பாக. சில ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்புறையைத் திறக்கிறார். முக்கொம்பின் பழைய ஷட்டர்களைப் பற்றி ஒரு பொறியாளர் சொன்ன ஒரு வரி அவருக்கு வேண்டும். அது எந்தக் கோப்பில் இருக்கிறது?

ஸ்கிரீன்ஷாட்டுகளில் தேடவே முடியாது. ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால்தான் படிக்க வேண்டும். பி.டி.எஃப். கோப்புகளில் தேடலாம். ‘காவிரி’ என்று தட்டினால் வரிசையாக வந்து விழுகிறது. ‘முக்கொம்பு’ என்று தட்டினால் சில கோப்புகளில் வருகிறது, சிலவற்றில் ‘எதுவும் இல்லை’ என்கிறது. அந்தக் கோப்புகளைத் திறந்தால் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் முக்கொம்பு என்று இருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டில் எழுத்து போய்விடும், பி.டி.எஃப்.பில் எழுத்து தங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் யோசனை. ஆங்கிலப் பக்கங்களுக்கு அது பெரும்பாலும் போதும். தமிழுக்குப் போதாது. ஏன் என்று தெரிந்துகொண்டால், எதை எப்படிச் சேமிப்பது என்பது தானே தெளிவாகும்.

ஸ்கிரீன்ஷாட் என்பது வெறும் வண்ணப் புள்ளிகளின் கட்டம். 1920க்கு 1080 அளவுள்ள திரையைப் பிடித்தால் இருபது லட்சத்துக்கும் சற்று அதிகமான புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அவ்வளவுதான் அந்தக் கோப்பில் இருக்கிறது. ‘மு’ என்ற எழுத்து அங்கே இல்லை. மு போலத் தெரியும்படி அடுக்கப்பட்ட கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. கீழே உருட்டி உருட்டிப் பக்கம் முழுவதையும் ஒரே நீளப் படமாகப் பிடித்தாலும் இதே கதைதான். அந்தப் படத்தை ஒரு செயலியில் கொடுத்து பி.டி.எஃப். ஆக்கினாலும் மாற்றமில்லை. கோப்பின் பெயர் மட்டும்தான் மாறும். உள்ளே இருப்பது படம்.

இந்தக் கடைசி வகை பலரை ஏமாற்றுகிறது. ‘பி.டி.எஃப்.பாகத்தான் வைத்திருக்கிறேன்’ என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, கோப்பைத் திறந்து பல மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது. உண்மையான எழுத்தாக இருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே இருக்கும். படமாக இருந்தால் ஓரம் படிப்படியாக உடைந்தோ மங்கியோ தெரியும். சொல்லின் மேல் சுட்டியை வைத்து இழுத்தாலும் தெரிந்துவிடும்: எழுத்தென்றால் சொல்லுக்குச் சொல் நீலம் படரும், படமென்றால் ஒன்றும் நடக்காது, அல்லது ஒரு செவ்வகம் மட்டும் விழும்.

சரியான பி.டி.எஃப். எடுப்பது கடினமில்லை. கணினியில் குரோம் உலாவியில் பக்கத்தைத் திறந்து, முதலில் அடிவரை ஒருமுறை உருட்டிவிடுங்கள். இன்றைய தளங்கள் பல, நாம் உருட்டி வரும்போதுதான் படங்களைக் கொண்டுவருகின்றன. உருட்டாமல் சேமித்தால் அவை இருந்த இடம் வெறுமையாக இருக்கும். ‘மேலும் வாசிக்க’ என்று மடக்கி வைத்த பகுதி இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். பிறகு Ctrl+P அழுத்தினால் அச்சிடும் பெட்டி வரும். அதில் அச்சுப்பொறியின் பெயர் இருக்கும் இடத்தில் Save as PDF என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸ் கணினிகளில் அதே பட்டியலில் Microsoft Print to PDF என்றும் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். முதலாவதில் உலாவியே கோப்பை எழுதுகிறது. பக்கத்தின் எழுத்து என்ன என்று உலாவிக்குத் தெரியும். அந்த அறிவு கோப்புக்குள் போக வழி இருக்கிறது, இணைப்புகளும் அழுத்தினால் திறக்கும்படி தங்குகின்றன. இரண்டாவதில் பக்கம் ஒரு கற்பனை அச்சுப்பொறிக்கு அனுப்பப்பட்டு, அது தாளுக்குப் பதிலாகக் கோப்பைத் தருகிறது. இந்தச் சுற்றுவழியில் இணைப்புகள் உதிர்ந்துவிடும். எழுத்தைப் பற்றிய தகவலும் இளைக்கக்கூடும். தமிழுக்கு முதலாவதே நல்லது.

அதே பெட்டியில் More settings என்பதைத் திறந்தால் Headers and footers என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் வைத்திருங்கள். பக்கத்தின் தலைப்பு, முகவரி, சேமித்த தேதி மூன்றும் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பதிந்துவிடும். பார்வைக்கு அழகில்லை என்று பலரும் இதை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஐந்து ஆண்டு கழித்து ‘இது எந்த நாளிதழின் பக்கம், என்றைக்கு எடுத்தது’ என்று கேட்டால் பதில் சொல்வது அந்தச் சின்ன எழுத்துதான்.

ஆண்ட்ராய்டு போனில் குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலில் பகிரும் இடத்துக்குப் போய், Print தொட்டு, Save as PDF தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் சஃபாரியின் பகிர்வுப் பட்டியலின் மேலே Options என்று இருக்கும். அதற்குள் PDF, Reader PDF இரண்டும் உண்டு. விளம்பரமும் பக்கப்பட்டிகளும் இல்லாமல் கட்டுரை மட்டும் வேண்டுமென்றால் இரண்டாவது வசதியானது.

இதுவரை எல்லா மொழிக்கும் பொது. இனி தமிழுக்கு வருவோம்.

அடோபி நிறுவனம் 1993இல் பி.டி.எஃப். வடிவத்தை வெளியிட்டபோது அதன் நோக்கம், ஒரு கணினியில் தெரிவது எல்லாக் கணினியிலும், எல்லா அச்சுப்பொறியிலும் அப்படியே தெரிய வேண்டும் என்பது. அதனால் பி.டி.எஃப். கோப்பு சொற்களைச் சேமிப்பதைவிட, வடிவங்களைச் சேமிக்கிறது: ‘இந்த ஃபான்ட்டில் 57ஆம் எண் வடிவத்தை இந்த இடத்தில் வை, அடுத்து 112ஆம் எண் வடிவத்தை இந்த இடத்தில் வை.’ பார்க்கவும் அச்சிடவும் இது போதும். தேடவும் நகலெடுக்கவும் வேண்டுமென்றால், 57ஆம் வடிவம் என்றால் எந்த எழுத்து என்று சொல்லும் ஓர் அட்டவணையும் கோப்புக்குள் இருக்க வேண்டும். ToUnicode என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் ஒரு வடிவத்துக்கு ஓர் எழுத்து, வடிவங்கள் நிற்கும் வரிசையும் எழுத்துகளின் வரிசையும் ஒன்று. ஆகவே அட்டவணை இருந்தால் வேலை முடிந்தது.

தமிழில் ‘முக்கொம்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது சேமிக்கப்படும் வரிசை இது: ம, உகரக் குறி, க, புள்ளி, க, ஒகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. பத்துக் குறியீடுகள், நாம் உச்சரிக்கும் அதே வரிசையில். திரையிலோ தாளிலோ வரையும்போது இது வேறு கணக்காகிவிடுகிறது. ‘மு’ ஒரே வடிவம், ‘பு’ ஒரே வடிவம். ‘கொ’வுக்கு மூன்று வடிவங்கள்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். யூனிகோடில் ககரத்துக்குப் பின்னால் ஒரே குறியாக நின்ற ஒகரம், வரையும்போது இரண்டாகப் பிளந்து ககரத்தின் இரு பக்கமும் போய் நிற்கிறது.

பி.டி.எஃப். கோப்பு சேமிப்பது இந்த வரைந்த வரிசையைத்தான். ‘மு’ என்ற ஒரு வடிவத்துக்கு இரண்டு குறியீடுகள் என்று அட்டவணையில் எழுத முடியும், அது சிக்கலில்லை. ஆனால் ‘கொம்பை எடுத்துக் ககரத்துக்குப் பின்னால் போடு, காலோடு சேர்த்து ஒன்றாக்கு’ என்று அட்டவணையில் எழுத வழியில்லை. அது வடிவத்துக்கு எழுத்தைச் சொல்லும் பட்டியல்தானே தவிர, வரிசையை மாற்றும் விதி அல்ல. ஆகவே அந்தக் கோப்பிலிருந்து சொல்லை நகலெடுத்து ஒட்டினால் இப்படி வருகிறது: முக்ெகாம்பு. கொம்பு தனக்கு முன்னால் சேர எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தைப் பற்றிக்கொண்டு தனியாக நிற்கும். கணினியின் கண்ணில் இது வேறு சொல். நீங்கள் சரியாகத் தட்டும் ‘முக்கொம்பு’ இதோடு பொருந்தாது.

‘காவிரி’ ஏன் கிடைத்தது என்பதும் இப்போது விளங்கும். துணைக்காலும் இகரக் குறியும் எழுத்துக்குப் பின்னாலேயே வரையப்படுகின்றன. வரைந்த வரிசையும் எழுத்து வரிசையும் ஒன்றாக இருப்பதால் அந்தச் சொல்லுக்குச் சேதமில்லை. எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகியவை ஏறிய உயிர்மெய்களுக்குத்தான் ஆபத்து. கொள்ளிடம், மேலணை, வெள்ளம், வேளாண்மை, பொதுப்பணி, கோட்டாட்சியர் என்று நம் தேடலுக்கு உரிய சொற்களில் பாதி இந்தக் கூட்டத்தில் வந்துவிடும்.

இதற்கு மருந்து பி.டி.எஃப். தரத்திலேயே இருக்கிறது. ActualText என்று ஒரு வசதி: ஒரு கொத்து வடிவங்களின் மேல் ‘இவற்றை இப்படி வாசி’ என்று ஒரு குறிப்பை ஒட்டிவைக்கலாம். கொம்பு, க, கால் மூன்றின் மேலும் ‘கொ’ என்று குறிப்பு ஒட்டியிருந்தால் தேடல் சரியாக நடக்கும். குரோமின் Save as PDF வழி இந்தக் குறிப்பை எழுதக்கூடியது. அதனால்தான் அதை முதலில் சொன்னேன். ஆனால் எழுதுபவர் எழுதினால் மட்டும் போதாது, வாசிப்பவரும் படிக்க வேண்டும். பி.டி.எஃப். வாசிக்கும் மென்பொருள்களில் சில இந்தக் குறிப்பை மதிக்கின்றன, சில பார்க்காமலே போகின்றன. ஒரே கோப்பு ஒரு மென்பொருளில் ஒழுங்காகத் தேடக் கிடைத்து, இன்னொன்றில் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள்.

ஆகவே, சேமித்த கையோடு சோதித்துவிட வேண்டும். இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்; ‘தமிழ்’ என்றோ ‘காவிரி’ என்றோ தட்டிப் பார்த்துவிட்டு, கிடைக்கிறது என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்தச் சொற்கள் எப்போதும் கிடைக்கும், அவை எதையும் நிரூபிக்காது. பக்கத்திலிருந்து ஒகரமோ ஓகாரமோ உள்ள ஒரு சொல்லையும், ஐகாரம் உள்ள ஒரு சொல்லையும், உகரம் உள்ள ஒரு சொல்லையும் பொறுக்கித் தேடுங்கள். நம் எடுத்துக்காட்டில் முக்கொம்பு, மேலணை இரண்டும் போதும். அதைவிட உறுதியான சோதனை, ஒரு பத்தியை முழுக்க நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் படித்துப் பார்ப்பது. நோட்பேடில் சரியாக வந்தால் அந்தக் கோப்பு நல்ல கோப்பு.

ஏற்கெனவே உடைந்த கோப்புகள் கையில் நிறைய இருந்தால், அவற்றிலும் தேட ஒரு வழி உண்டு. முழுச்சொல்லைத் தட்டாமல், உடைந்த வடிவத்தில் இருக்கும் துண்டைத் தட்டுங்கள். முக்கொம்பு வேண்டுமானால் ‘காம்பு’ என்று தேடுங்கள். உடைந்த கோப்பில் கொம்பு இடம் மாறிய பிறகு க, கால், ம், பு என்ற வரிசை அப்படியே இருக்கிறது, அது கிடைத்துவிடும். வெள்ளத்துக்கு ‘வள்ளம்’. கொள்ளிடத்துக்கு ‘காள்ளிடம்’. எகரத்தையும் ஏகாரத்தையும் கழற்றிவிட வேண்டும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் துணைக்காலாக்க வேண்டும், அதுதான் சூத்திரம். இந்தக் குறிகள் சொல்லின் நடுவில் வந்தால் அவற்றுக்கு முன்னாலோ பின்னாலோ சொல்லை வெட்டிக்கொள்ளுங்கள். மேலணையில் ஐகாரக் கொம்பு லகரத்துக்கும் ணகரத்துக்கும் நடுவே போய் நிற்பதால், ‘மல’ என்ற துண்டு மட்டும்தான் உதவும். தேவையில்லாதவையும் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகைக் கோப்பும் உங்கள் கையில் இருக்கலாம். நகலெடுத்து ஒட்டினால் தமிழே வராமல் ஆங்கில எழுத்துகள் வரும். ‘தமிழ்’ என்ற இடத்தில் jkpo; என்று விழுந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டிய ஆவணம். யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துருக்கள் பல. ஒவ்வொன்றுக்கும் அடுக்கு வேறு. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அதற்கு முந்தைய பக்கங்களும், பின்னரும் பழக்கத்தை விடாதவர்கள் வெளியிட்டவையும் இப்படித்தான் இருக்கும். இங்கே கோப்பு உடையவில்லை. எழுத்து வேறு அடுக்கில் இருக்கிறது. ஒட்டிய எழுத்தைப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிய உரையைப் பக்கத்திலேயே ஒரு தனிக் கோப்பாக வைத்துவிட்டால் பிறகு கவலையில்லை.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு கேள்வி எழ வேண்டும். உலாவிக்குள் பக்கம் இருந்தபோது எழுத்து சரியான வரிசையில்தானே இருந்தது? அதை வடிவங்களாக மாற்றி, மறுபடி எழுத்தாக மீட்க ஏன் பாடுபட வேண்டும்? பாடுபட வேண்டியதில்லை. எழுத்து முக்கியமென்றால் இணையப் பக்கத்தை இணையப் பக்கமாகவே சேமிப்பது எல்லாவற்றையும்விட நல்லது. அதில் ‘முக்கொம்பு’ பத்துக் குறியீடுகளாக, எழுதியவர் தட்டிய வரிசையிலேயே தங்கிவிடும்.

குரோமிலோ எட்ஜிலோ Ctrl+S அழுத்தினால் சேமிக்கும் வகை கேட்கும். Webpage, Complete என்பது ஒரு கோப்பையும், படங்கள் அடங்கிய ஒரு கோப்புறையையும் தரும். இரண்டில் ஒன்றை வேறிடத்துக்கு மாற்றினால் படங்கள் காணாமல் போகும், எழுத்துக்கு ஆபத்தில்லை. Webpage, Single File என்பது எல்லாவற்றையும் .mhtml என்ற ஒரே கோப்பில் கட்டித் தரும். திறந்து Ctrl+F போட்டால் முக்கொம்பு, மேலணை, கொள்ளிடம் எல்லாம் பிசகில்லாமல் கிடைக்கும்.

ஆனால் இதிலும் தமிழ் வாசகர் தெரிந்திருக்க வேண்டிய ஒரு குறை உண்டு. அந்தக் கோப்புக்குள் தமிழ் எழுத்து நேரடியாக எழுதப்படுவதில்லை. மின்னஞ்சல் காலத்துப் பழைய முறைப்படி ஒவ்வொரு எழுத்தும் சங்கேதமாக மாற்றப்படுகிறது; ‘க’ என்பது =E0=AE=95 என்று இருக்கும். உலாவி திறக்கும்போது அதைத் திருப்பி எழுத்தாக்கிவிடுகிறது, நமக்குத் தெரிவதில்லை. ஒரே கோப்பைத் திறந்து தேடும்வரை பிரச்சினை இல்லை. நூறு கோப்புகள் உள்ள கோப்புறை முழுவதிலும், திறக்காமலே, ஒரே தேடலில் முக்கொம்பைப் பிடிக்க நினைத்தால் சாதாரணத் தேடுகருவிகள் கைவிட்டுவிடும். ஆங்கிலச் சொற்கள் சங்கேதமாகாததால், ஆங்கிலத்தில் சேமிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாகத் தெரிவதில்லை.

அதனால் நிறையச் சேகரிப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது SingleFile என்ற இலவச நீட்சியை. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் அது நிற்கும். பக்கத்தைத் திறந்து அதன் சின்னத்தை ஒரு முறை அழுத்தினால் படம், எழுத்து, அமைப்பு எல்லாம் சேர்ந்த ஒரே .html கோப்பு இறங்கும். உள்ளே தமிழ் தமிழாகவே இருக்கும். எந்த உலாவியிலும் திறக்கலாம், கோப்புறை முழுவதும் தேடலாம். சேமித்த பக்கத்தின் முகவரியையும் நேரத்தையும் கோப்புக்குள்ளேயே குறித்துவைக்கிறது. ஆய்வு மாணவர்கள், செய்தியாளர்கள், உள்ளூர் வரலாறு எழுதுபவர்கள் யாராக இருந்தாலும் இதை மூலப் பிரதியாகவும், பிறருக்கு அனுப்பவும் அச்சிடவும் ஒரு பி.டி.எஃப்.பையும் வைத்துக்கொள்வது போதுமான ஏற்பாடு.

சில பக்கங்களில் எழுத்தே படமாகத்தான் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அச்சு நாளிதழைப் பக்கம் பக்கமாகக் காட்டும் மின்பதிப்புகள், சுவரொட்டியாக வெளியிட்ட அறிவிப்புகள், செய்திக்குள் வைத்த ஆணை நகல் எல்லாம் அப்படி. அவற்றை எந்த வழியில் சேமித்தாலும் தேட முடியாது. அங்கே உலாவிக்கே எழுத்து தெரியாது. மறுபுறம், சுட்டியால் தேர்ந்தெடுக்க விடாமல் சில தளங்கள் பூட்டி வைத்திருக்கும். அது பார்வைக்குப் போட்ட பூட்டுதான், எழுத்து உள்ளே இருக்கிறது. அந்தப் பக்கத்தை பி.டி.எஃப்.பாகச் சேமித்தால் பெரும்பாலும் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இனி, ஸ்கிரீன்ஷாட்டாக மட்டுமே எஞ்சியவற்றின் கதி. மூலப் பக்கம் இணையத்திலிருந்து போய்விட்டது, கையில் படம் மட்டும் இருக்கிறது என்றால், படத்தைப் பார்த்து எழுத்தை ஊகித்து வாசிக்கும் மென்பொருள் ஒன்றே வழி. ஓ.சி.ஆர். என்பார்கள். படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, Open with என்பதில் Google Docs தேர்ந்தெடுத்தால் படத்துக்குக் கீழே உரை வரும், தமிழும் வரும். நிறையக் கோப்புகள் இருந்து, கணினியில் கட்டளை தட்டிப் பழக்கமிருந்தால், டெசராக்ட் என்ற இலவச மென்பொருளை அதன் தமிழ்த் தரவோடு நிறுவிக்கொள்ளலாம்.

```
tesseract mukkombu.png mukkombu -l tam+eng pdf
```

இந்தக் கட்டளை படத்தை அப்படியே வைத்து, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைப் பரப்பி பி.டி.எஃப். ஆக்கித் தரும். பார்ப்பதற்குப் பழைய ஸ்கிரீன்ஷாட்டே; தேடினால் சொல் கிடைக்கும்.

ஆனால் அது ஊகம் என்பதை மறக்கக் கூடாது. டெசராக்ட் நன்றாக வேலை செய்ய அங்குலத்துக்கு 300 புள்ளி அளவாவது படம் இருக்க வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. ஸ்கிரீன்ஷாட் அதற்கு வெகு கீழே. இணையப் பக்கத்தில் வழக்கமான எழுத்தின் அளவு 16 புள்ளிகள். அந்த அளவில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி திரையில் இரண்டு மூன்று புள்ளிகளாகத்தான் இருக்கும். அது கரைந்துவிட்டால் ‘க்’ ‘க’ ஆகிவிடும். துணைக்கால் ரகரமாகும், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி இறுக்கப்பட்ட நகலில் இது இன்னும் மோசம். எண்களும் பெயர்களும் வரும் இடங்களில், ஓ.சி.ஆர். தந்ததைப் படத்தோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டக் கூடாது. பிழையான ஊகத்தைப் பிறகு பயன்படுத்துபவர் அது பிழை என்று அறிய வழியே இல்லை.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், எடுக்கும் முன் Ctrl உடன் + அழுத்திப் பக்கத்தை 200 சதவீதம் ஆக்கிக்கொள்ளுங்கள். .jpg வேண்டாம், .png ஆகச் சேமியுங்கள். முன்னது எழுத்தின் ஓரத்தைக் குழப்பும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். பின்னால் ஓ.சி.ஆர். செய்ய நேர்ந்தால் இந்த மூன்றும் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அதன் இடம் உண்டு. பக்கம் அன்றைக்குத் திரையில் எப்படித் தெரிந்தது, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தத் தலைப்பு இருந்தது, பின்னர் நீக்கப்பட்ட ஒரு கருத்து எங்கே நின்றது என்பதற்கு அதுதான் நேரடிப் பதிவு. பி.டி.எஃப். எடுக்கும்போது தளம் தன் அச்சு அமைப்புக்கு மாறி, சில பகுதிகளை மறைத்துவிடுவதும் உண்டு. தோற்றம் முக்கியமென்றால் படம் எடுங்கள், ஆனால் எழுத்தையும் சேர்த்து எடுங்கள். படம் மட்டும் போதும் என்று விட்டுவிடுவதுதான் தவறு.

இறுதியாக, சேமிப்பவர்களிடம் அல்ல, வெளியிடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதழ்கள், பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள், பதிப்பகங்கள் ஆண்டுதோறும் எத்தனையோ தமிழ் ஆவணங்களை பி.டி.எஃப்.பாக இணையத்தில் ஏற்றுகின்றன. ஏற்றும் முன், கோப்பைத் திறந்து ஒகரமும் ஐகாரமும் உள்ள இரண்டு சொற்களைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் யூனிகோட் எழுத்துருவில், எழுத்து வரிசை தங்கும்படி சேமிக்கும் மென்பொருளில் மறுபடி எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அதே உரையை ஒரு சாதாரண இணையப் பக்கமாகவும் பக்கத்தில் வையுங்கள். இது உங்கள் பக்கம் சில நிமிட வேலை. செய்யாமல் விட்டால், அந்த ஆவணத்தைத் தேடும் ஒவ்வொருவரும் அது இல்லை என்றே முடிவு கட்டுவார்கள்.